கிரியேட்டரிடம் விளம்பரக் கொலாப் கேட்டு அனுப்பும் செய்தியில் என்னென்ன எழுத வேண்டும்?

கேள்வி: ஈரோட்டில் வீட்டிலிருந்தே முளைகட்டிய சத்துமாவு தயாரித்து விற்கிறோம். போன வருஷம் ஒரு இன்ஸ்டாகிராம் கிரியேட்டருக்கு, "எங்கள் மாவு பற்றி ஒரு வீடியோ போடுங்க, 10,000 தர்றோம்" என்று வாட்ஸ்அப் செய்தேன். அவரும் சரி என்றார், பணம் முழுவதும் கொடுத்தோம். மூன்றே நாளில் வீடியோவை எடுத்துவிட்டார். கையில் இருந்த பிரதியை நாங்கள் விளம்பரமாக ஓட்டியதற்குக் காப்புரிமைப் புகார் வேறு கொடுத்தார். இப்போது இன்னொருவரை அணுகப் போகிறோம். அவருக்கும் நியாயமாக, எங்களுக்கும் பாதுகாப்பாக எப்படி எழுதுவது?

பதில்: உங்கள் வாட்ஸ்அப் செய்தியை நீங்கள் வெறும் பேச்சு என்று நினைத்திருப்பீர்கள். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி அது ஒரு முன்மொழிவு. அவர் "சரி" என்றதும் அது ஒப்பந்தமாகிவிட்டது. மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ நடந்தது என்பதற்காக ஒப்பந்தம் செல்லாமல் போகாது என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு சொல்கிறது. ஆனால் அந்த ஒப்பந்தத்தில் இருந்தது என்ன? ஒரு வீடியோ, 10,000 ரூபாய், அவ்வளவுதான். அது எத்தனை நாள் இருக்க வேண்டும், அதை நீங்கள் பயன்படுத்தலாமா என்பதற்கு அதில் ஒரு சொல்கூட இல்லை. அவர் மூன்று நாளில் எடுத்தது தவறு என்று காட்ட உங்கள் கையில் எழுத்து இல்லாமல் போனது அதனால்தான்.

எனவே இந்த முறை முதல் செய்தியையே, அப்படியே ஒப்புக்கொண்டால் போதும் என்ற அளவுக்கு முழுமையாக எழுதுங்கள். வேலையை எண்ணிப் பார்க்கும்படி சொல்லுங்கள். "நல்ல ரீச் வர வேண்டும்", "வைரல் ஆக வேண்டும்" என்பதெல்லாம் வேண்டாம். ரீச் கிரியேட்டரின் கையில் இல்லை. தெளிவில்லாத, தெளிவுபடுத்தவும் முடியாத ஒப்பந்தம் செல்லாது என்று அதே சட்டத்தின் 29ஆம் பிரிவும் சொல்கிறது. 45 முதல் 60 விநாடிக்குள் ஒரு ரீல், அது வெளியாகும் நாளில் இரண்டு ஸ்டோரி, 90 நாள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று எழுதினால் யாரும் எண்ணிப் பார்க்கலாம்.

பணத்தைப் பிரித்து எழுதுங்கள் என்பதுதான் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. 20,000 ரூபாய் தர முடியும் என்று வைத்துக்கொள்வோம். எடுத்து வெளியிட 9,000, 90 நாள் வைத்திருக்க 6,000, நீங்கள் 60 நாள் விளம்பரமாக ஓட்டிக்கொள்ள 5,000. இப்படிப் பிரித்தால், அவர் 30ஆம் நாள் எடுத்துவிட்டால் என்ன என்ற கேள்விக்கு விடை கணக்கிலேயே இருக்கிறது. மீதி 60 நாளுக்கு 4,000 திரும்ப வர வேண்டும். "முன்கூட்டியே எடுத்தால் 50,000 அபராதம்" என்று எழுதிப் பயமுறுத்த நினைக்காதீர்கள். ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி நீதிமன்றம் நியாயமான இழப்பீட்டைத்தான் தரும், எழுதிய தொகையை அப்படியே தராது. நல்ல கிரியேட்டர் அந்த வரியைப் படித்ததும் பதிலே போடமாட்டார். இன்ஸ்டாகிராமே எடுத்துவிட்டால் அது அவர் தவறல்ல, மறுபடி பதிவேற்றினால் போதும் என்பதையும் சேருங்கள். நீங்களே பாதியில் கைவிட்டால் முன்பணம் அவருக்கே என்பதும் இருக்கட்டும். வீட்டு அடுப்படியை ஒதுக்கி, விளக்கு வைத்து ஒரு நாள் முழுக்க எடுத்தவருக்கு அது நியாயம்.

அடுத்து, வீடியோ யாருடையது? பணம் கொடுத்தால் நமக்குத்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். 1957ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவில், ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில் பணத்துக்காக எடுத்த திரைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், கேட்டவரே முதல் உரிமையாளர் என்று இருக்கிறது. ரீலும் அதில் அடங்கும் என்று வாதிடலாம். ஆனால் அந்த வாதத்தை நம்பிக் காசைச் செலவழித்து விளம்பரம் ஓட்டாதீர்கள். உரிமை அவரிடமே இருக்கட்டும், பயன்படுத்தும் அனுமதி மட்டும் உங்களுக்கு வேண்டும். அந்த அனுமதி எழுத்தில் இருக்க வேண்டும். காலம் எழுதாமல் விட்டால் சட்டம் ஐந்து வருடம் என்று எடுத்துக்கொள்ளும். 60 நாள் விளம்பரத்துக்கு விலை பேசியவருக்கு ஐந்து வருடம் என்பது அநியாயம், அதனால் எத்தனை நாள் என்பதை எழுதுங்கள். அப்புறம், பின்னணிப் பாட்டு. கிரியேட்டர் ட்ரெண்டிங் பாட்டைப் போட்டு எடுத்தால், அதை உங்கள் விளம்பரத்தில் ஓட்ட அவருடைய அனுமதி போதாது, பாட்டின் உரிமையாளருடையதும் வேண்டும். பாட்டில்லாத பிரதி ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்.

சத்துமாவு என்பதால் இதையும் சொல்லியாக வேண்டும். "சுகர் குறையும்" என்று அவர் வாயால் சொல்ல வைக்காதீர்கள். நோயைக் குணப்படுத்தும் என்று உணவுப் பொருளை விளம்பரம் செய்யக் கூடாது. நீரிழிவு, 1954ஆம் ஆண்டின் மருந்து மற்றும் மாய வைத்திய விளம்பரச் சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கும் நோய். தவறான விளம்பரம் என்றால் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தயாரிப்பாளருக்கும் பரிந்துரைத்தவருக்கும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். பரிந்துரைத்தவர் உரிய கவனத்துடன் சரிபார்த்திருந்தால் அவருக்கு அந்தப் பொறுப்பு வராது. அப்படிச் சரிபார்க்க வேண்டியதை நீங்களே கொடுங்கள், அதாவது எஃப்எஸ்எஸ்ஏஐ எண், சேர்மானப் பட்டியல், ஆய்வக அறிக்கை இருந்தால் அதுவும். பணமோ இலவச மாவோ, எது கொடுத்தாலும் "விளம்பரம்" என்று வீடியோவிலேயே தமிழில் தெரிய வேண்டும். ஹேஷ்டேக் கூட்டத்துக்குள் ஒளித்து வைத்தால் போதாது.

இவற்றைச் சேர்த்தால் உங்கள் செய்தி ஏறக்குறைய இப்படி வரும்:

"வணக்கம். நீங்கள் கம்பங்கூழ் செய்து காட்டிய வீடியோவைப் பார்த்தோம். அதே மாதிரி எங்கள் சத்துமாவில் கஞ்சி காய்ச்சிக் காட்ட முடியுமா? 45–60 விநாடி ரீல் ஒன்று, அதே நாளில் ஸ்டோரி இரண்டு. ரீல் 90 நாள் பக்கத்தில் இருக்க வேண்டும். எடுத்து வெளியிட 9,000, 90 நாளுக்கு 6,000, நாங்கள் 60 நாள் விளம்பரமாக ஓட்ட 5,000. படப்பிடிப்புக்கு முன் 10,000, வெளியான ஏழு நாளுக்குள் மீதி 10,000. பொருள் விவரத்தில் பிழை இருந்தால் மட்டும் ஒரு முறை திருத்தம் கேட்போம், ருசி பற்றிய கருத்து உங்களுடையது. வீடியோவின் உரிமை உங்களிடமே. விளம்பரத்துக்குப் பாட்டில்லாத பிரதி ஒன்றும் தர வேண்டும். நீங்கள் முன்கூட்டியே நீக்கினால் மீதி நாளுக்கான தொகையைத் திருப்பித் தர வேண்டும். இன்ஸ்டாகிராமே நீக்கினால் மறுபடி பதிவேற்றினால் போதும். நாங்கள் ரத்து செய்தால் முன்பணம் உங்களுக்கே. நோய் தீரும் என்ற பேச்சு வேண்டாம், 'விளம்பரம்' என்று போட வேண்டும். சம்மதமானால் வரும் 20ஆம் தேதிக்குள் 'ஒப்புக்கொள்கிறேன்' என்று பதில் அனுப்புங்கள்."

அவர் "சரி, ஆனால் ஸ்டோரி ஒன்றுதான்" என்று பதில் போட்டால் அது சம்மதம் அல்ல, புதிய முன்மொழிவு. நீங்கள் அதை ஒப்புக்கொண்டு எழுதும் வரை ஒப்பந்தம் இல்லை. பத்துச் செய்தி போய் வந்த பிறகு, கடைசியில் முடிவானதை ஒரே செய்தியில் மறுபடி எழுதி இரண்டு பேரும் "ஒப்புக்கொள்கிறேன்" போட்டுக்கொள்ளுங்கள். முன்பணத்தை அதற்கப்புறம் அனுப்புங்கள்.

பழைய 10,000 பற்றி. வழக்குப் போட மூன்று வருட அவகாசம் உண்டு, ஆனால் எத்தனை நாள் என்ற வரி இல்லாத ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு வழக்குக்குப் போக நான் சொல்லமாட்டேன். மூன்றே நாளில் எடுத்ததைச் சொல்லி, பாதித் தொகையையாவது திருப்பித் தரும்படி பணிவாக ஒரு மின்னஞ்சல் அனுப்பிப் பாருங்கள். அவருடைய வீடியோவை ஓட்டுவதை மட்டும் இன்றே நிறுத்திவிடுங்கள்.