ஒரு ஃபிரேமில் தெரிந்தாலும் தெரிந்ததுதான்: முகம், நம்பர் பிளேட் மறைப்பது குறித்த கேள்விகள்

கேள்வி: வீடியோ எடிட்டில் கார் நம்பர் பிளேட்டை மறைக்க, அதன் மேல் மாஸ்க் போட்டு, கார் போகும் வழியே அது தானே நகரும்படி ட்ராக் செய்கிறேன். வழியில் ஒரு விளக்குக் கம்பம் குறுக்கே வருகிறது. கார் அதைத் தாண்டிப் போனபிறகும் மாஸ்க் கம்பத்திலேயே நின்றுவிடுகிறது. என்ன செய்வது?

ட்ராக்கருக்கு நம்பர் பிளேட் என்றால் என்னவென்று தெரியாது. மாஸ்க்குக்குள் இருக்கும் வெளிச்சமும் இருட்டும் எந்த அமைப்பில் இருக்கின்றன என்று பார்த்துக்கொண்டு, அடுத்த ஃபிரேமில் அதே அமைப்பைத் தேடும், அவ்வளவுதான். கம்பம் உள்ளே வந்ததும் அதன் செங்குத்தான விளிம்பு எழுத்துகளைவிடத் தெளிவாகத் தெரிவதால், அதைப் பிடித்துக்கொள்கிறது.

அதனால் கம்பத்தைத் தாண்டி ட்ராக் செய்யவே முயலாதீர்கள். இரண்டு பக்கமும் தனித்தனியாக ட்ராக் செய்து, நடுப்பகுதியை விட்டுவிடுங்கள். ஓர் உதாரணம் சொல்கிறேன். நொடிக்கு 25 ஃபிரேம், 8 நொடி கிளிப், மொத்தம் 200 ஃபிரேம். கார் இடப்பக்கமிருந்து வந்து நம்மை நெருங்குகிறது. 82-ஆம் ஃபிரேமில் கம்பம் பிளேட்டைத் தொடுகிறது, 91-இல் விலகுகிறது.

பலரும் முதல் ஃபிரேமில் மாஸ்க் போட்டுத் தொடங்குவார்கள். அங்கே பிளேட் சின்னதாக, மங்கலாக இருக்கும். நான் பிளேட் பெரிதாகவும் தெளிவாகவும் இருக்கும் ஃபிரேமில் தொடங்குவேன். இங்கே அதை 150 என்று வைத்துக்கொள்வோம். எடிட்டிங் மென்பொருளான பிரீமியரில், எஃபெக்ட்டுக்குக் கீழே உள்ள Mask Path-இல், குறடு படத்தைத் தட்டி Position, Scale & Rotation தேர்ந்தெடுங்கள். கார் நெருங்கும்போது பிளேட் பெரிதாகிறது, Position மட்டும் போதாது. 150-இலிருந்து 200 வரை முன்னோக்கி ஒரு ட்ராக். மீண்டும் 150-க்கு வந்து, பின்னோக்கி 95 வரை ஒரு ட்ராக், அங்கே நிறுத்துங்கள். அப்புறம் 78-ஆம் ஃபிரேமுக்குப் போய், மாஸ்க்கைக் கையால் பிளேட்டின் மேல் நகர்த்தி அளவைச் சரிசெய்து, அங்கிருந்து பின்னோக்கித் தொடக்கம் வரை ட்ராக் செய்யுங்கள்.

78-க்கும் 95-க்கும் இடையில் இப்போது கீஃபிரேமே இல்லை, அதாவது மாஸ்க் எங்கே இருக்க வேண்டும் என்று எந்த ஃபிரேமிலும் குறித்துவைக்கவில்லை. மாஸ்க் ஓர் இடத்திலிருந்து மற்றோர் இடத்துக்குத் தானே சீராக நகரும். காரும் ஏறக்குறைய அதே வேகத்தில் போவதால் இரண்டும் பொருந்திவிடும். கார் பிரேக் போட்டிருந்தால் நடுவில் கையால் ஒரு கீஃபிரேம் வைத்தால் சரியாகிவிடும்.

டாவின்சி ரிசால்வ் மென்பொருளில் மாஸ்க்குக்கு விண்டோ என்று பெயர். அதில் செய்பவர்கள் ட்ராக்கரை Clip-இலிருந்து Frame முறைக்கு மாற்றிக்கொண்டு விண்டோவை நகர்த்துங்கள். Clip முறையில் நகர்த்தினால் ட்ராக் முழுவதும் இடம்பெயரும், சரியாக இருந்த ஃபிரேம்களும் கெட்டுப்போகும்.

சில நொடித்துண்டுகளுக்குக் கம்பமும் சேர்ந்து மங்குமே என்று கேட்கலாம். மங்கட்டும். கம்பம் மங்கினால் யாருக்கும் நஷ்டமில்லை. அழகுக்காக அங்கே மாஸ்க்கை அணைத்தால், கம்பம் பாதி விலகிய ஃபிரேமில் பாதி எண் வெளியே தெரிந்துவிடும்.

கேள்வி: மொசைக் நல்லதா, பிளர் நல்லதா?

முகத்துக்குக் கனமான பிளர். நம்பர் பிளேட்டுக்கு முடிந்தால் இரண்டுமே வேண்டாம், ஒரே நிறத்தில் முழுதாக மூடிவிடுங்கள்.

மொசைக் எல்லாவற்றையும் அழித்துவிடுவதில்லை, படத்தைக் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொரு கட்டத்திலும் உள்ள நிறங்களின் சராசரியைக் காட்டுகிறது. ஒற்றைப் படத்தில் அதிலிருந்து எழுத்தைக் கண்டுபிடிப்பது கடினம். வீடியோவில் நிலைமை வேறு. கட்டங்கள் திரையில் அசையாமல் நிற்க, பிளேட் அவற்றுக்கு அடியில் நகர்கிறது. ஒவ்வொரு ஃபிரேமிலும் எழுத்துகள் வேறு வேறு இடத்தில் வெட்டுப்பட்டு, வேறு வேறு சராசரிகள் கிடைக்கின்றன. அவற்றைச் சேர்த்துப் பார்த்தால் அடியில் இருப்பதை ஊகிக்க வழியுண்டு. அதிலும் பிளேட்டில் இருப்பவை குறிப்பிட்ட சில எழுத்துகளும் பத்து இலக்கங்களும்தான். ஒவ்வொன்றையும் வைத்து, அதே மாதிரி மொசைக் செய்து, எது பொருந்துகிறது என்று பார்த்துவிடலாம்.

மொசைக்கும் பிளரும் போட்ட படங்களிலிருந்து முகங்களையும் இலக்கங்களையும் கணினியால் அடையாளம் காண முடியும் என்று 2016-இலேயே ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். 2007-இல் ஒரு குற்றவாளி சுழல்போலத் திரித்து மறைத்திருந்த தன் முகத்தை, காவல்துறை நிபுணர்கள் எதிர்ப்பக்கமாகத் திரித்தே மீட்டார்கள். சுழல் எஃபெக்ட் பிக்சல்களை இடம் மாற்றுகிறதே தவிர நீக்குவதில்லை.

மொசைக்கேதான் வேண்டும் என்றால் ஒன்றைக் கவனியுங்கள். பிரீமியரில் Horizontal Blocks என்பது முழுத் திரைக்குமான எண்ணிக்கை, மாஸ்க்குக்கானது அல்ல. 1920 பிக்சல் அகலத்தில் 80 என்று வைத்தால் ஒரு கட்டம் 24 பிக்சல். 120 பிக்சல் அகலமுள்ள பிளேட்டின் மேல் ஐந்து கட்டங்கள் விழும், அது ஆபத்து. 10 என்று குறைத்தால் ஒரு கட்டம் 192 பிக்சல். பிளேட் முழுவதும் பம்பரோடு கலந்து ஒன்றிரண்டு நிறங்களாகிவிடும். ரிசால்வில் முழுதாக மூடுவது இன்னும் சுலபம்: விண்டோவுக்குள் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் Gain-ஐ அடியோடு இறக்கினால் வெறும் கறுப்புதான் மிஞ்சும்.

கேள்வி: மாஸ்க் சரியாகத்தான் போடுகிறேன், ஆனாலும் பிளேட்டின் ஓரத்து எழுத்து மட்டும் லேசாகத் தெரிகிறதே?

மாஸ்க்கின் விளிம்பை மென்மையாக்கும் ஃபெதர்தான் காரணம். ஃபெதர் கொடுத்தால் விளிம்பில் மறைத்த படமும் மூலப் படமும் கலந்து தெரியும். அந்தக் கலப்பு மாஸ்க்கின் கோட்டுக்கு வெளியே மட்டுமல்ல, உள்ளேயும் பரவுகிறது. பிளேட்டை ஒட்டியே மாஸ்க் வரைந்திருந்தால் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் அந்தக் கலப்பில் மாட்டிக்கொள்ளும். மாஸ்க்கை வெளிப்பக்கமாக விரிக்கும் Mask Expansion-ஐ ஃபெதர் அளவுக்காவது கூட்டுங்கள். பிளேட்டுக்கு ஃபெதரே இல்லாமல் விட்டாலும் குறையில்லை.

கேள்வி: நடப்பவர் தலையைத் திருப்பியதும் ட்ராக்கிங் விட்டுப்போகிறது.

முகத்தின் உள்பகுதியைப் பிடித்து ட்ராக் செய்திருப்பீர்கள். கண்ணும் மூக்கும் திரும்பும்போது அந்த அமைப்பே மாறிவிடுகிறது. உச்சந்தலை முதல் கழுத்துவரை தலை முழுவதையும் சேர்த்து மாஸ்க் போடுங்கள், முடியும் தோள்கோடும் ட்ராக்கருக்குப் பிடிமானம் தரும். அப்படியும் நழுவினால் பத்துப் பத்து ஃபிரேமுக்கு ஒருமுறை கையால் கீஃபிரேம் வையுங்கள். திரும்பும் இடத்தில் மட்டும் இரண்டு மூன்று ஃபிரேமுக்கு ஒன்று. தலையைத் திருப்பிய பிறகும் மாஸ்க்கை எடுக்காதீர்கள். பக்கவாட்டு முகத்தை வைத்தும் தெரிந்தவர்கள் ஆளைச் சொல்லிவிடுவார்கள்.

கேள்வி: எடிட்டில் சரியாக இருந்தது. வெளியிட்ட பிறகு ஒரு கணம் முகம் தெரிகிறது என்று ஒருவர் சொன்னார். எப்படி நடந்திருக்கும்?

அந்த இடத்தில், ஒரு காட்சி கரைந்து அடுத்த காட்சியாக மாறும் டிஸால்வ் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். டிஸால்வ் சேர்த்தால், நீங்கள் வெட்டிய இடத்துக்கு அப்பால் உள்ள ஃபிரேம்களும் திரைக்கு வருகின்றன. ட்ராக் செய்தபோது அவை கிளிப்பில் இல்லை. கடைசி கீஃபிரேமிலேயே மாஸ்க் நின்றுவிட, ஆள் நடந்து அதைவிட்டு வெளியே வந்துவிடுகிறார். எனக்கே ஒருமுறை இப்படி ஆனது. 12 ஃபிரேம் டிஸால்வில் நான்கு ஃபிரேம் முகம் பளிச்சென்று இருந்தது. மூன்று தடவை ஓடவிட்டுப் பார்த்தும் என் கண்ணில் படவில்லை. அந்த வீடியோவை இறக்கிவிட்டு, மறைத்துத் தருகிறேன் என்று நான் வாக்குக் கொடுத்திருந்தவரிடம் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. இன்றும் அது உறுத்துகிறது.

அதனால் வெட்டும் டிஸால்வும் வேகமாற்றமும் எல்லாம் முடிந்தபிறகுதான் ட்ராக்கிங் செய்கிறேன். ஏற்றுமதி செய்த கோப்பைத் திறந்து, மறைக்க வேண்டிய பகுதியை அம்புக்குறி விசையால் ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்திப் பார்க்கிறேன். 8 நொடிக்கு 200 தட்டல், சில நிமிட வேலை. பார்ப்பவர் எந்த ஃபிரேமிலும் வீடியோவை நிறுத்த முடியும் என்பதால் வேகமாக ஓடவிட்டுப் பார்ப்பது போதாது. பார்க்கும்போது கடைக்கண்ணாடிகளிலும் காரின் பக்கக் கண்ணாடியிலும் அதே முகம் பிரதிபலிக்கிறதா என்றும் பாருங்கள். அதற்குத் தனி மாஸ்க், தனி ட்ராக் வேண்டும்.