ஆறு வாரம் லினேசோலிட்: எதை எண்ண வேண்டும், எதைக் கவனிக்க வேண்டும்

"அப்பாவுக்குச் சீனி வருத்தம். காலில் வந்த புண் எலும்பு வரை போய்விட்டது, எம்.ஆர்.எஸ்.ஏ. கிருமி என்றார்கள். லினேசோலிட் 600 காலையும் இரவும், ஆறு வாரம். இத்தனை நாள் போடலாமா? மனநலக் கிளினிக்கில் தரும் செர்ட்ராலினும், கால்வலிக்கு டிராமடோலும் குடிக்கிறார்." — ஹட்டனுக்கு அருகே ஒரு தோட்டத்திலிருந்து மகள்

நாள் கணக்கைவிட டிராமடோல்தான் அவசரம். அடுத்த வேளைக்கு முன்பே டாக்டரிடம் மூன்று மருந்துகளின் பெயரையும் சொல்லுங்கள். நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் செரட்டோனின் என்ற பொருளைச் சிதைக்கும் நொதியை லினேசோலிட் தடுக்கிறது. மற்ற இரண்டும் அதே செரட்டோனினைக் கூட்டுகின்றன. டிராமடோலுக்குப் பதில் பெரும்பாலும் பரசிட்டமோல் போதும். செர்ட்ராலினை மட்டும் நீங்களாக நிறுத்த வேண்டாம். நிறுத்துவதா, கண்காணித்துத் தொடர்வதா என்பதை டாக்டர்தான் முடிவுசெய்ய வேண்டும். மலைக் குளிருக்கு வாங்கும் இருமல் பாணியில் டெக்ஸ்ட்ரோமெதோர்பன் இருந்தால் அதுவும் இதே வகைதான்.

செரட்டோனின் மிஞ்சினால் பதற்றம், வியர்வை, நடுக்கம், வயிற்றுப்போக்கு, காய்ச்சல் வரும். தசைகள் தாமாகத் துடிக்கும். சீனி நோயாளியிடம் இங்கே ஒரு குழப்பம் உண்டு: சீனி இறங்கினாலும் வியர்வையும் நடுக்கமும்தான் வரும். இன்சுலினோ கிளிக்கிளசைட் போன்ற மாத்திரையோ எடுப்பவருக்கு லினேசோலிட் சீனியை மேலும் இறக்கக்கூடும். அதனால் முதலில் விரலில் குத்திப் பாருங்கள். 70க்குக் கீழே என்றால் இனிப்புக் கொடுங்கள். சீனி சரியாக இருந்தும் நடுக்கம் நிற்கவில்லையென்றால் உடனே ஆஸ்பத்திரி.

இனி நாள் கணக்கு. இந்த மருந்துக்கு வழக்கமான எல்லை 28 நாள். எலும்புத் தொற்றில் அதைத் தாண்டுவது உண்டு, ஆனால் கண்காணிப்போடுதான். மருந்து தொடங்கும் முன் ஒரு முழு இரத்த எண்ணிக்கை, பிறகு வாரம் ஒன்று. தோட்டத்திலிருந்து டவுனுக்குப் போய்வரும் சிரமத்தில் மூன்றாம் வாரத்தைத் தவறவிடுவார்கள். எண்ணிக்கை இறங்குவது பெரும்பாலும் பத்து நாளுக்குப் பிறகுதான். இரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் தொடக்கத்தில் 2,40,000, ஏழாம் நாள் 2,20,000, பதினான்காம் நாள் 1,55,000 என்று வைத்துக்கொள்வோம். கடைசி எண்ணை மட்டும் பார்த்தால் "நோர்மல்" என்பார்கள். ஒரே வாரத்தில் 65,000 இறங்கியிருப்பது அடுத்த வாரம் என்ன ஆகும் என்று சொல்லிவிடுகிறது. அதனால் பழைய ரிப்போர்ட்களையும் எடுத்துப் போங்கள். இறக்கம் தொடர்ந்தால் வேறு மருந்துக்கு மாற்றலாம். நிறுத்தினால் எண்ணிக்கை பொதுவாக மீளும். சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் இறக்கம் முன்னதாகவே வரும், ஆகவே கிரியேட்டினினையும் கேளுங்கள்.

28 நாளுக்கு மேல் பயம் நரம்பு. அவருக்குக் கால் ஏற்கெனவே மரத்திருக்கலாம், அதை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் கண்ணைச் சோதிக்கலாம்: ஒரு கண்ணை மூடி, மற்றதால் சிவப்புத் துணியைப் பார்க்கச் சொல்லுங்கள். நிறம் மங்கினாலோ எழுத்து கலங்கினாலோ, அன்றே டாக்டரைப் பாருங்கள். ஓயாத வாந்தி, மூச்சு வேகம் இரண்டும் சேர்ந்தால் இரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஏறியிருக்கலாம். அதற்கு விடியும்வரை காத்திருக்கக் கூடாது.