மரநாய் தின்று கழித்த காபிக் கொட்டை: செய்முறையும் கூண்டும் சுவையும்

கேள்வி: சிவெட் காபியை எப்படித் தயாரிக்கிறார்கள்? அதற்காக விலங்குகளைக் கொடுமைப்படுத்துகிறார்கள் என்பது உண்மையா? அவ்வளவு விலை கொடுக்கும் அளவுக்கு அதில் சுவை இருக்கிறதா?

காபிக் கொட்டைகளைச் சுவைத்துத் தரம் பிரிப்பது என் தொழில் என்பதால், இந்தக் கேள்வியை அடிக்கடி எதிர்கொள்கிறேன். கொடுமை நடப்பது உண்மை. சுவை சொல்லிக்கொள்ளும்படி இல்லை. இவ்விரண்டும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. அதைப் புரிந்துகொள்ளச் செய்முறையிலிருந்து தொடங்குவதே நல்லது.

நம் பத்திரிகைகள் இதைப் புனுகுப்பூனைக் காபி என்று எழுதினாலும், இதில் ஈடுபடும் விலங்கு பெரும்பாலும் மரநாய்தான். புனுகுக்காகப் பேர்போன விலங்கு வேறு இனம். மரநாய் இந்தியாவிலிருந்து இந்தோனேசியா வரை பரவியிருக்கிறது. ஏறத்தாழ 2 முதல் 5 கிலோ வரை எடையுள்ள அது, பகலெல்லாம் மரப்பொந்திலோ வீட்டுப் பரணிலோ உறங்கிவிட்டு, இரவில் தனியாக இரை தேடித் திரியும். பழம், பூச்சி, எலி, பறவை முட்டை எனக் கிடைப்பதையெல்லாம் தின்னும். பனையில் கள் கலயம் கட்டியிருந்தால் அதையும் விட்டுவைக்காது. காபி பழுக்கும் பருவத்தில் காபிப் பழமும் அதன் உணவில் ஒரு பகுதியாகிறது.

காபிப் பழத்தில் தோலுக்கு அடியில் இனிப்பான சதையும், அதற்குள் வழுவழுப்பான பசைப் படலமும், அதற்கும் உள்ளே பார்ச்மென்ட் எனப்படும் மெல்லிய, கெட்டியான உறையும் இருக்கின்றன; அந்த உறைக்குள் இருப்பதுதான் நாம் வறுத்து அரைக்கும் கொட்டை. மரநாயின் வயிறு தோலையும் சதையையும் பசையையும் செரித்துவிடுகிறது. பார்ச்மென்ட் உறையோ செரிக்காமல் கொட்டையோடு சேர்ந்து அப்படியே வெளியே வந்துவிடுகிறது. தோட்டத்துப் பாதையிலோ, பாறை மீதோ, விழுந்து கிடக்கும் மரத்தின் மீதோ கிடக்கும் அந்த எச்சத்தைப் பார்த்தால், கடலை உருண்டையைப் போல உறையோடு கூடிய கொட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அதைப் பொறுக்கி, பலமுறை அலசி, ஈரப்பதம் 11 அல்லது 12 விழுக்காட்டுக்கு இறங்கும் வரை வெயிலில் காயவைத்து, உறையை நீக்கி, உடைந்த கொட்டைகளைப் பொறுக்கித் தள்ளிவிட்டு வறுக்கிறார்கள். அருவருப்பு ஒருபுறம் இருக்கட்டும், ஒழுங்காகக் கழுவி வறுத்த கொட்டையில் சுகாதாரக் கேடு ஏதும் பெரிதாக இல்லை; உறை ஒரு காப்பாக இருக்கிறது, வறுக்கும் சூடு 200 பாகையைத் தாண்டுகிறது.

இனி, சாதாரணத் தோட்டத்தில் நடப்பதை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே பழத்தைப் பல்ப்பர் இயந்திரத்தில் போட்டுத் தோலையும் சதையையும் பிரிக்கிறார்கள். பிறகு தொட்டியில் ஓரிரு நாள் புளிக்கவிட்டுப் பசையை நீக்குகிறார்கள். அதன்பின் கழுவிக் காயவைக்கிறார்கள். மரநாயின் குடல் செய்யும் வேலையில் பெரும்பகுதி இதுதான். கூடுதலாக என்ன நடக்கிறது என்பதைக் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாசிமோ மார்கோனே 2004இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார். செரிமான நொதிகள் உறையைக் கடந்து கொட்டைக்குள் ஊடுருவி அதிலுள்ள புரதங்களில் ஒரு பகுதியைச் சிதைக்கின்றன என்பதும், நுண்ணோக்கியில் பார்க்கும்போது கொட்டையின் மேற்பரப்பில் மிகச் சிறிய குழிகள் தெரிகின்றன என்பதும் அவருடைய முடிவுகள். வறுக்கும்போது கசப்புக்குக் காரணமாகும் பொருள்களில் சில புரதத்திலிருந்து உருவாகின்றன என்பதால், கசப்பு சற்றுக் குறையலாம் என்பது அதிலிருந்து பெறப்படும் விளக்கம். ஆக, மாற்றம் ஏற்படுவதை மறுக்க முடியாது. ஆனால் மாற்றம் ஏற்பட்டாலே சுவை உயர்ந்துவிட்டது என்று ஆகிவிடாது.

பழைய காலத்தில் இந்தக் காபிக்கு நற்பெயர் வந்ததற்குக் குடலைக் காட்டிலும் வலுவான காரணம் ஒன்று இருந்தது. ஜாவாவில் டச்சுக்காரர்கள் 1830இல் கட்டாயச் சாகுபடி முறையைக் கொண்டுவந்த காலத்தில், தோட்டத்துக் காபியைத் தாங்கள் தொடக்கூடாது என்றிருந்த உள்ளூர் உழைப்பாளிகள் எச்சத்திலிருந்து கொட்டைகளைப் பொறுக்கிக் காய்ச்சிக் குடித்தார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. காட்டில் சுதந்திரமாகத் திரியும் மரநாய், கிளையில் இருப்பவற்றுள் நன்றாகப் பழுத்ததை மோப்பம் பிடித்துத் தேர்ந்து தின்னும். காயையும் அரைப்பழத்தையும் விட்டுவிடும். காபியின் தரத்தைக் கெடுப்பதில் முதலிடம் அரைப்பழத்துக்குத்தான். பழுக்காத கொட்டை ஒரு கைப்பிடி கலந்தாலும் கோப்பையில் ஒரு துவர்ப்பும் பச்சை வாடையும் வந்துவிடும். கிளையிலிருந்து எல்லாவற்றையும் ஒரே உருவாக உருவிப் பறிக்கும் தோட்டங்கள் நிறைந்திருந்த காலத்தில், பழுத்ததை மட்டும் தேர்ந்த ஒரு விலங்கு அளித்த கொட்டை மேலானதாகத் தோன்றியதில் வியப்பில்லை. இன்று அதே வேலையைச் சிவந்த பழமாகப் பார்த்துப் பறிக்கும் பெண்களும், தண்ணீர்த் தொட்டியில் மிதக்கும் சொத்தைப் பழத்தைத் தள்ளும் முறையும் செய்துவிடுகின்றன.

கூண்டு புகுந்ததும் இந்தத் தேர்வு அடியோடு போய்விடுகிறது. ஏன் கூண்டு வந்தது என்பதற்குக் கணக்குப் போட்டுப் பார்த்தால் போதும். ஒரு கிலோ பச்சைக் கொட்டைக்கு ஏறத்தாழ 6 கிலோ பழம் வேண்டும். வறுக்கும்போது எடை மேலும் குறைவதால், ஒரு கிலோ வறுத்த காபிக்கு 7 கிலோ பழம் என்று வைத்துக்கொள்ளலாம். இது அந்த விலங்கின் எடையைப் போல ஏறத்தாழ ஒன்றரை முதல் மூன்றரை மடங்கு. பல வகை உணவுகளுக்கிடையில் சிறிதளவே காபிப் பழம் தின்னும் விலங்கு, ஆண்டில் சில மாதங்களே இருக்கும் அறுவடைப் பருவம், காட்டில் எங்கெங்கோ சிதறிக் கிடக்கும் எச்சம் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால், காட்டிலிருந்து பொறுக்கி உலகச் சந்தைக்குச் சரக்கு அனுப்புவது நடக்கிற காரியமா? 1991இல் டோனி வைல்ட் என்ற காபி வணிகர் ஒரு கிலோவை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார், ஊடகங்கள் அதைக் கொண்டாடின, தேவை பெருகியது. பெருகிய தேவைக்கு ஈடுகொடுக்கக் காட்டு மரநாய்களைப் பொறி வைத்துப் பிடித்துக் கூண்டில் அடைத்துப் பழத்தைத் திணிப்பது தொழிலாகிவிட்டது. அதைக் கண்டு மனம் வெறுத்த அதே மனிதர் 2013இல் இந்தக் காபிக்கு எதிராகவே இயக்கம் தொடங்கினார் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கூண்டின் நிலையைப் பற்றி 2016இல் வெளியான ஆய்வு ஒன்று தெளிவான சான்று தருகிறது. ஆய்வாளர்கள் பாலித் தீவில் சுற்றுலாப் பயணிகள் வந்துபோகும் 16 காபித் தோட்டங்களில் 48 மரநாய்களைப் பார்த்தார்கள். அடிப்படை விலங்குநல அளவுகோல்களை முழுமையாக நிறைவு செய்த தோட்டம் ஒன்றுகூட இல்லை. பல கூண்டுகளின் தரை வெறும் கம்பி வலை; சிறுநீரும் கழிவும் படிந்து கிடந்தன. நாள் முழுவதும் கம்பியின் மீதே நிற்கவும் படுக்கவும் வேண்டியிருந்தால் பாதம் புண்ணாகாமல் என்ன செய்யும்? இரவு விலங்கைப் பகலில் எழுப்பிப் பயணிகளுக்குக் காட்டுகிறார்கள். தனித்து வாழும் விலங்கை மற்றவற்றின் வாடையும் ஓசையும் எட்டும் தூரத்தில் அடுக்கி வைக்கிறார்கள். பலவகை உணவு தின்னும் உடம்புக்குக் காபிப் பழமே பிரதான உணவாகிறது. பழத்தின் சதையிலும் காஃபீன் உண்டு என்பதை மறந்துவிடக் கூடாது. பாலியின் உபூட் பக்கம் போனவர்கள் அந்தக் காட்சியைக் கண்டிருப்பார்கள்: இஞ்சித் தேநீர், தேங்காய்க் காபி என்று சிறுசிறு கோப்பைகளை ஒரு பலகையில் இலவசமாக அடுக்கி வைப்பார்கள், லுவாக் என்று அங்கே அழைக்கப்படும் மரநாய்க் காபிக் கோப்பைக்கு மட்டும் தனிக் கட்டணம், பக்கத்திலேயே கண்காட்சிக்கு ஒரு கூண்டு. அந்த மரநாய் கூண்டின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு நிற்காமல் நடந்து திரும்பிக்கொண்டிருந்தால், அதைச் சுறுசுறுப்பு என்று எண்ணிவிடாதீர்கள். அடைபட்ட விலங்கின் மன உளைச்சலுக்கு அது தெளிவான அறிகுறி.

"எங்களுடையது காட்டிலிருந்து பொறுக்கியது" என்று உறையில் அச்சிட்டிருப்பதை நம்பலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். 2013இல் ஜப்பானின் ஒசாகா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சிட்ரிக் அமிலம், மாலிக் அமிலம் போன்றவற்றின் அளவைக் கொண்டு உண்மையான லுவாக் கொட்டையையும் கலப்படத்தையும் பிரித்தறியும் முறையைக் கண்டறிந்தார்கள். பயனுள்ள முறைதான். ஆனால் கொட்டை ஒரு மரநாயின் குடலைக் கடந்ததா என்பதை மட்டுமே அதைக் கொண்டு சொல்ல முடியும். அந்த மரநாய் காட்டில் இருந்ததா, கம்பிக்குள் இருந்ததா என்பதைக் கொட்டை சொல்லாது. கூண்டுச் சரக்கைக் காட்டுச் சரக்கு என்று விற்றால் விலை பல மடங்கு ஆகும்போது, அந்த ஏமாற்றைத் தடுக்க ஆய்வகத்தில் வழியில்லை. குடகுப் பக்கம் காட்டையொட்டிய எஸ்டேட்டுகளில் இயற்கையாகக் கிடக்கும் எச்சத்தைப் பொறுக்கி விற்பவர்கள் இருக்கிறார்கள். இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மரநாயைப் பிடித்து அடைப்பது குற்றம் என்பதால் இங்கே நிலைமை ஓரளவு மேல். எனினும், அளவு அதிகமாகவும் ஆண்டு முழுவதும் தடையில்லாமலும் ஒருவர் விற்றால், அவரிடம் கேள்வி கேட்க வேண்டியது வாங்குபவரின் கடமை. பருவத்தில் மட்டும், கைப்பிடி அளவில், எந்த எஸ்டேட் என்று பெயர் சொல்லி விற்பவரையே நான் பேச்சுக்கு எடுத்துக்கொள்வேன்.

சுவைக்கு வருகிறேன். நாங்கள் காபியைச் சுவைக்கும் முறையில் 150 மில்லி நீருக்கு 8.25 கிராம் பொடி, 93 பாகைச் சூட்டில் நீர், நான்கு நிமிடம் ஊறியபின் மேலே படிந்த நுரைப் படலத்தைக் கரண்டியால் உடைத்து முகர்ந்து, பிறகு உறிஞ்சிச் சுவைத்தல் என்பது வரிசை. எந்தக் கோப்பையில் எது என்று சுவைப்பவருக்குத் தெரியக் கூடாது. லுவாக் என்று தெரிந்தே குடிப்பவர் விலையையும் கதையையும் சேர்த்தே குடிக்கிறார். அமெரிக்காவின் சிறப்புக் காபிச் சங்கத்தின் மதிப்பெண் முறைப்படி காபி வல்லுநர் ஒருவர் லுவாக்கை வேறு மூன்று காபிகளோடு ஒப்பிட்டுச் சோதித்ததில், அந்த மூன்றில் கடைசியாக வந்ததைவிடவும் லுவாக் இரண்டு மதிப்பெண் குறைவாகவே பெற்றது. குடல் நல்ல புளிப்பையும் நறுமணத்தையும் குறைத்து, வாயில் ஒரு வழவழப்பை மட்டும் கூட்டுகிறது என்பது அவருடைய முடிவு. என் அனுபவமும் அதையே சொல்கிறது: மட்டான, கூர்மை மழுங்கிய கோப்பை. எலுமிச்சை, பெர்ரி, மல்லிகை என்று நல்ல அரபிகாவில் நாம் தேடும் எதுவும் அதில் எழுவதில்லை. கறுப்புக் காபியின் புளிப்பும் கசப்பும் பிடிக்காதவர்கள் இந்த மழுங்கலை "மென்மை" என்று பாராட்டுகிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. சுற்றுலாக் கடைகளில் வறுத்து மாதக்கணக்கில் கிடந்த பொடியாகவும் அது பெரும்பாலும் இருப்பதால், எஞ்சியிருக்கும் மணமும் போய்விடுகிறது.

அந்த மென்மைதான் வேண்டுமென்றால் மழைக்காலக் காற்றில் பதப்படுத்திய மலபார் காபியை வாங்கிப் பாருங்கள். மேற்குக் கடற்கரைக் கிடங்குகளில் ஜூன் முதல் செப்டம்பர் வரை ஈரக் கடற்காற்று படும்படி கொட்டையைப் பரப்பி வைத்து அவ்வப்போது கிளறி விடுவார்கள். கொட்டை உப்பி வெளிர்மஞ்சளாகும், புளிப்பு நன்றாக இறங்கும், வாயில் கனமும் வழவழப்பும் கூடும். லுவாக் கிலோவுக்கு 100 டாலரில் தொடங்கி 1,000 டாலரையும் தாண்டிப் போகையில், இது அதில் ஒரு சிறு பங்கு விலைக்கே கிடைத்துவிடும். மெதுவாக, நடுத்தரத்துக்குச் சற்று அதிகமாக வறுத்ததை, வறுத்த தேதி அச்சிட்ட உறையில் வாங்கி, வீட்டில் ஃபில்டருக்கு ஏற்ற பதத்தில் அரைத்துக்கொள்ளுங்கள்.