மார்ச் 31-இல் வித்தியாசம் வெறும் 11 சதுர அடி

கேள்வி: வருஷக் கடைசியில ஒரே தடவை ஸ்டாக் எடுத்தா போதாதா? சைக்கிள் கவுண்ட்னு அடிக்கடி எண்ணுறதால என்ன தெரியப் போகுது?

ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் ஸ்டோர் பார்க்கிறேன். ஒரு வருஷம் மார்ச் 31 கணக்கெடுப்பில் கறுப்பு ஆட்டுத்தோல் லைனிங், புக்கில், அதாவது கம்ப்யூட்டர் கணக்கில், இருந்த இரண்டாயிரத்துச் சொச்சம் சதுர அடியில் 11 மட்டும் குறைந்தது. எல்லோருக்கும் சந்தோஷம்.

ஏப்ரலில் அதே தோலைத் திங்கட்கிழமைதோறும் எண்ண ஆரம்பித்தோம். சனிக்கிழமை வரையான வரவும், தோல் கொடுத்ததற்கான ஸ்லிப்பும் கம்ப்யூட்டரில் ஏறிய பிறகு, அன்றைய முதல் தோல் வெளியே போவதற்கு முன்னால் எண்ண வேண்டும். இல்லாவிட்டால் ஏறாமல் கிடக்கும் ஸ்லிப்பே வித்தியாசமாகத் தெரியும்.

முதல் வாரம் புக்கைவிட 45 சதுர அடி கூடுதல். அடுத்த வாரம் 38 குறைவு!

ஒரு வாரத்துக் கணக்கு என்பதால் தேடுவது சுலபம். கூடிய வாரத்தில் ஒரே வரவு, 200 தோல். கட்டைப் பிரித்துப் பார்த்தேன். தோலின் பின்பக்க முத்திரையில் 5, அதன் தலைமேல் சின்னதாக 3. அந்தச் சின்ன எண் கால் கணக்கு. அதாவது ஐந்தே முக்கால். வரவு போடும் பையன் 5.3 என்று ஏற்றியிருந்தான். அந்தத் தோலில் 0.45 போச்சு. மேலே 2 இருந்தால் 0.30, 1 இருந்தால் 0.15, ஒன்றும் இல்லையென்றால் பிசகில்லை. சராசரி 0.225, 200 தோலுக்கு 45. டேனரி பில்லில் மொத்தம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் பில் அக்கவுண்ட்ஸுக்குப் போய்விடும், எங்கள் கூட்டல் கம்ப்யூட்டருக்குப் போகும். இரண்டையும் யாரும் ஒத்துப் பார்த்ததில்லை.

குறைந்த வாரத்தில் வரவே இல்லை. ஆனால் இரண்டு நாள் நைட் ஷிப்ட் ஓடியது. ஓட்டை, கீறல் விழுந்த துண்டுகளுக்குப் பதில் வெட்ட, கட்டிங் சூப்பர்வைசர் செக்யூரிட்டியிடம் சாவி வாங்கி ஏழெட்டுத் தோல் எடுத்திருக்கிறார். "காலையில ஸ்லிப் தரலாம்னு இருந்தேண்ணே" என்றார். திருட்டு இல்லை, மறதி.

ஆக, வருஷம் முழுக்க ஒரு தப்பு ஏற்றியது, இன்னொன்று இறக்கியது. மார்ச்சில் நாங்கள் பார்த்தது இரண்டும் கழிந்த மிச்சம். ஒருவேளை 400 குறைந்திருந்தாலும், பன்னிரண்டு மாத ஸ்லிப்பில் எதைத் தேடுவது?

இப்போது பில் மொத்தத்தோடு ஒத்துப் பார்க்காமல் வரவு போடுவதில்லை. ரீ-கட்டிங்குக்கு மஞ்சள் ஸ்லிப், அந்தக் கட்டு சாவியோடு தொங்குகிறது.

வருஷக் கணக்கெடுப்பை விட்டுவிடவில்லை, ஆடிட்டருக்கு அது வேண்டும். நூல், ஐலெட் மாதிரி சில்லறைச் சாமான்களுக்கு அது ஒன்றே போதும். வாராவாரம் எண்ணுவது விலை கூடிய தோலையும் சோலையும் மட்டும்தான்.

ஒன்று, வித்தியாசம் தெரிந்ததும் அவசரப்பட்டு புக்கைத் திருத்தாதீர்கள். இன்னொரு ஆளை விட்டு மறுபடி எண்ணச் சொல்லி, அந்த வார ஸ்லிப்புகளைப் பார்த்துவிட்டுத் திருத்துங்கள். திருத்தி ஒத்துப்போய்விட்டால் அப்புறம் யாரும் காரணம் தேட மாட்டார்கள்.