பண்டிகைக்குப் பெரிய ஆர்டர், முதல் இன்வாய்ஸ், அட்வான்ஸ்: கேள்வி பதில்

கேள்வி: அக்கா, வீட்டுலதான் பேக் பண்றேன். ஒரு ஆபீஸ்ல பண்டிகைக்கு 150 பெட்டி குக்கீஸ் கேக்கறாங்க, இன்வாய்ஸ் அனுப்புங்கன்றாங்க. எப்படி ஆரம்பிக்கறது, அட்வான்ஸ் எவ்ளோ கேக்கலாம்?

பதில்: முதல்ல இன்வாய்ஸ் இல்லம்மா, கொட்டேஷன் அனுப்பு. பெட்டிக்குள்ள என்ன, எத்தனை, ஒரு பெட்டி விலை, டெலிவரி எங்க, இந்த விலை எந்தத் தேதி வரைக்கும்னு அதுல இருக்கணும். அவங்க சரின்னு எழுத்துல சொன்னதும் அட்வான்ஸுக்கு ஒரு பில், கடைசியில மொத்தத்துக்கு இன்வாய்ஸ்.

அட்வான்ஸை மனசுக்குத் தோணின மாதிரி கேக்காதே, கணக்குப் போடு. மாவு, வெண்ணெய், பெட்டி, ரிப்பன், உதவிக்கு வர்றவங்க கூலி எல்லாம் சேத்தா 60 பெட்டி வித்த காசுக்குச் சமம்னு வச்சுக்கோ. அது மொத்தத்துல 40 சதவீதம். அதுக்குக் கீழ வாங்கினா அவங்க பண்டிகைக்கு நீ கடன் கொடுக்கறேன்னு அர்த்தம். அதனால பாதி கேளு, அதாவது 75 பெட்டிக்கான காசு.

டெலிவரி 20ம் தேதின்னா 5க்குள்ள அட்வான்ஸ், 13 வரைக்கும் எண்ணிக்கைய மாத்தலாம், அதுக்கப்புறம் குறைக்க முடியாது, 18க்குள்ள பாக்கி, இப்படி கொட்டேஷன்ல தேதியாவே எழுது. 'உடனடியா'ன்னு எழுதினா அவங்க அக்கவுன்ட்ஸ்ல அதுக்கு ஒரு அர்த்தமும் இல்ல. 12ம் தேதி 160 ஆக்கிட்டாங்கன்னா கடைசி இன்வாய்ஸ்ல 160 பெட்டிக்கு முழுத்தொகை, கீழ வாங்கின 75 பெட்டி அட்வான்ஸைக் கழிச்சு, பாக்கி 85 பெட்டிக்கானதுன்னு தனித்தனி வரியா காட்டு. பாக்கிய மட்டும் எழுதி அனுப்பினா ரெண்டு பில்லும் தனித்தனி ஆர்டர்னு குழம்பிடுவாங்க.

இன்னொன்னு, அட்வான்ஸ் கைக்கு வராம வெண்ணெய் வாங்காதே.

கேள்வி: இன்வாய்ஸ்ல வரி போடணுமா?

பதில்: வரிக்குப் பதிவு பண்ணலன்னா வரின்னு ஒரு வரிகூட போடக்கூடாது. பதிவு எப்ப வேணும்ங்கறத உங்க ஊர் கணக்காளர்கிட்ட கேளுங்க.

கேள்வி: நானும் கேக் பண்றேன், என்னோட ஸ்பான்ஞ் நடுவுல அமுங்கிடுது, ஏன்?

பதில்: இங்க காசு விஷயம் மட்டும்தாங்க.

கேள்வி: அட்வான்ஸ் எல்லாம் கேட்டா பெரிய கம்பெனி வேற ஆளப் பாத்துக்கும். நான் ஆபீஸ்களுக்கு ஸ்டேஷனரி சப்ளை பண்றேன், 30 நாள் கடன்தான் எல்லா இடத்துலயும் நடைமுறை. வீணா பயமுறுத்தாதீங்க.

பதில்: 30 நாள் நடைமுறைங்கறது சரிதான் சார், ஆனா உங்க பேப்பர் திரும்பி வந்தா அடுத்த ஆளுக்கு வித்துடலாம். அந்தக் கம்பெனி பேர் அச்சடிச்ச குக்கீஸ் பெட்டிய பண்டிகை முடிஞ்சு யார் வாங்குவா? தின்னு முடிச்சதுக்கப்புறம் பாக்கிக்கு நம்ம கையில பிடி ஒன்னும் இருக்காது.

கேள்வி: அப்ப கடனே கொடுக்கமாட்டேன்னா ஆர்டர் போயிடுமே, அதுக்கு என்ன சொல்றீங்க?

பதில்: போகலாம், இல்லன்னு சொல்லல. நடுவழி ஒன்னு இருக்கு, அட்வான்ஸ் பாதி கட்டாயம், மீதிக்கு மட்டும் டெலிவரி தேதியிலருந்து 15 நாள். செலவு அட்வான்ஸ்லயே வந்துடும், மாட்டினா லாபம்தான் மாட்டும். பெரிய கம்பெனின்னா அவங்க பர்ச்சேஸ் ஆர்டர் நம்பரை வாங்கி இன்வாய்ஸ்ல போடுங்க. அது இல்லாத பில்லை நிறைய இடத்துல ஓரமா வச்சுடுவாங்க, நாம காசு தரமாட்டேங்கறாங்கன்னு நினைச்சுட்டு இருப்போம்.

கேள்வி: எனக்கு 30 நாள்ல ஒருதடவகூட மாட்டல.

பதில்: உங்களுக்கு வருஷம் முழுக்க ஆர்டர் தர்ற கம்பெனி அது, அடுத்த மாசமும் பேப்பர் வேணும். பண்டிகைக்கு மட்டும் வாங்கறவங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்ல. நீங்க நம்பறத நான் மாத்த வரல, ஆனா முதல் ஆர்டர் எடுக்கற பொண்ணுக்கு இத சொல்லாதீங்க.

கேள்வி: அட்வான்ஸ் எவ்ளோ வாங்கணும்?

பதில்: முதல் பதில்லயே கணக்கோட இருக்கு, படிங்க.

கேள்வி: கடைசி நேரத்துல கேன்சல் பண்ணா அட்வான்ஸைத் திருப்பித் தரணுமா?

பதில்: நீங்க முன்னாடியே என்ன எழுதியிருக்கீங்களோ அதுதான். நான் எழுதறது இப்படி: சாமான் வாங்கறதுக்கு முன்னாடின்னா முழுசும் திருப்பித் தருவேன், வாங்கினதுக்கப்புறம் வாங்கின பில்லு தொகையும் அச்சடிச்ச பெட்டிக் காசும் போக மீதி, பேக்கிங் ஆரம்பிச்சுட்டா எதுவும் திருப்பித் தரமாட்டேன். இது கொட்டேஷன்லயே இருக்கணும், இன்வாய்ஸ்ல புதுசா சேத்தா ஒத்துக்கமாட்டாங்க.

கேள்வி: தெரிஞ்சவங்கதான், அட்வான்ஸ் கேக்க சங்கடமா இருக்கு, நாளைக்கு வெண்ணெய் வாங்கலாம்னு இருக்கேன்...

பதில்: வாங்காதீங்க. கொட்டேஷனை இன்னைக்கே அனுப்புங்க, அட்வான்ஸைத் தேதியோட அதுவே கேக்கும், நீங்க வாயால கேக்க வேண்டியதில்ல.