மத்தியான நாடகத்தின் காசுக் கணக்கு

கேள்வி: பத்து இருபது வருசத்துக்கு முந்திய நாடகங்களை ஏன் இப்பவும் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள்? புதுசு எடுக்கக் காசில்லையா? இதில் யாருக்கு லாபம்?

நான் யாழ்ப்பாணத்தில் ஒரு சின்னச் சனலில் நிகழ்ச்சி அட்டவணை போடுகிறவன். புதிய நாடகமும் பழைய நாடகமும் எங்கள் கணினிக்கு ஒரே மாதிரிக் கோப்பாகத்தான் வந்து சேரும். அதற்குப் பின்னால் இருக்கிற காசுக் கணக்குத்தான் வேறு.

ஒரு எபிசோட் எடுக்க 2 லட்சம் ரூபா முடிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இது விளக்கத்துக்காக நான் போடும் தொகைதான். இரவு 8 மணிக்குப் போட்டால் விளம்பரத்தில் 3 லட்சம் வருகிறது. அதே எபிசோட்டைப் பத்து வருசம் கழித்து மத்தியானம் 2 மணிக்குப் போட்டால் 30 ஆயிரம்தான் வரும். ஆனால் நடிகர் சம்பளம், கமரா, வீட்டு வாடகை, சாப்பாடு எல்லாம் அன்றைக்கே கொடுத்து முடிந்த காசு. இன்றைக்கு உரிமைக்கும் ஒளிபரப்புக்கும் ஒரு 5 ஆயிரம் போனால் மிச்சம் 25 ஆயிரம் கையில். அந்த 2 மணிக்கென்று புதிதாக ஒன்றை எடுத்தால், 30 ஆயிரத்தைப் பிடிக்க 2 லட்சம் செலவழிக்க வேண்டிவரும். பெரிய சனல்களிடம் காசு இருக்கிறது. அந்த மத்தியான நேரத்தால்தான் ஒரு புது நாடகத்தின் செலவைத் தாங்க முடியாது.

அடுத்தது, அந்த 25 ஆயிரம் யாருக்குப் போகிறது என்பது. உரிமை யார் கையில் இருக்கிறதோ அவருக்கு. இதை உலகத்துக்கே காட்டிக்கொடுத்தது 1951இல் அமெரிக்காவில் தொடங்கிய ‘ஐ லவ் லூசி’ என்ற நகைச்சுவைத் தொடர். அந்தக் காலத்து நிகழ்ச்சிகளில் கனக்க நியூயோர்க்கிலிருந்து நேரடியாகப் போகும். தூரத்து ஊர்களுக்கு, டிவித் திரையையே படம்பிடித்த மங்கலான ஒரு பிரதிதான் கிடைக்கும். அந்தத் தொடரின் நாயகி லூசில் போல் என்பவரும் அவரது கணவர் டெசி ஆர்னாஸும் லொஸ் ஏஞ்சலஸை விட்டுப் போக விரும்பவில்லை. சினிமா பிலிமிலேயே எடுக்கிறோம் என்றார்கள். செலவு கூடியது. அதைச் சரிக்கட்ட இருவரும் தங்கள் சம்பளத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தார்கள். அதற்குப் பதிலாக, முதல் ஒளிபரப்பு முடிந்ததும் அந்தப் பிலிம்கள் தங்கள் கம்பனிக்கே சொந்தம் என்று எழுதி வாங்கினார்கள். ஒருமுறை போட்டு முடிந்த நிகழ்ச்சிக்கு அன்றைக்குப் பெரிய மதிப்பில்லை, அதனால் தொடரை ஒளிபரப்பிய சீபிஎஸ் சனலும் சம்மதித்தது. சில வருசத்திலேயே அதே பிலிம்களை அதே சீபிஎஸ் மில்லியன் கணக்கான டொலருக்குத் திரும்ப வாங்க வேண்டிவந்தது. நல்ல தரத்தில் பிரதி இருந்ததும், உரிமை யாருடையது என்று எழுத்தில் இருந்ததும் சேர்ந்துதான் அந்த விலையைக் கொடுத்தன.

அதற்குப் பிறகு அமெரிக்காவில் இது ஒரு தனி வியாபாரமாகவே வளர்ந்தது. சிண்டிகேஷன் என்பார்கள். முதலில் ஒரு பெரிய வலையமைப்பு நாடு முழுக்க வாரம் ஒரு எபிசோட் போடும். பிறகு உரிமைக்காரர் அதே தொடரை ஊர் ஊராக, ஒவ்வொரு உள்ளூர் நிலையத்துக்கும் தனித்தனியே விற்பார். அங்கே 200க்கு மேற்பட்ட ஒளிபரப்புச் சந்தைகள் இருப்பதால் ஒரே சரக்கை அத்தனை இடத்திலும் விற்கலாம். சில வேளை காசே கைமாறாது. நிலையத்துக்கு நாடகம் இலவசம், அதற்குள் வரும் விளம்பர நிமிடங்களில் ஒரு பங்கு விற்றவருக்கு. உள்ளூர் நிலையம் அதைக் கிழமைக்கு ஐந்து நாளும் ஒரே நேரத்தில் போடும். 100 எபிசோட் இருந்தால் 20 கிழமை தாங்கும், அதற்குள் முதல் எபிசோட் ஆட்களுக்கு மறந்திருக்கும். 100 எபிசோட் வரும்வரை ஒரு தொடரை இழுத்துப் பிடிக்க அங்கே தயாரிப்பாளர்கள் பாடுபட்டது இதனால்தான். ‘ஸ்டார் டிரெக்’ 1969இல் 79 எபிசோட்டோடு நிறுத்தப்பட்டது. முதலில் ஓடிய காலத்தைவிட, 1970களில் உள்ளூர் நிலையங்கள் இப்படி நாளாந்தம் போட்டபோதுதான் அது பெரும் கூட்டத்தைச் சேர்த்தது.

எங்கள் தமிழ் நாடகங்களுக்கு எண்ணிக்கை ஒரு பிரச்சினையே இல்லை. அவை பிறக்கும்போதே நாளாந்தம். சன் டிவியின் ‘மெட்டி ஒலி’ 2002இலிருந்து 2005வரை 800 எபிசோட்டைத் தாண்டி ஓடியது. போர்நிறுத்தம் வந்து ஏ9 பாதை திறந்த வருசத்தில் தொடங்கிய நாடகம் அது, எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அந்தக் காலத்தோடேயே மனதில் பதிந்தது. இங்கே சிக்கல் வேறு மாதிரி. அமெரிக்க நகைச்சுவைத் தொடரில் எந்த எபிசோட்டைப் பார்த்தாலும் விளங்கும். எங்களுடையது ஒரே நீளக் கதை. 800 எபிசோட்டைக் கிழமைக்கு ஐந்தாகப் போட்டால் மூன்று வருசம் போகும். அதனால்தான் பழைய மெகா சீரியல்களை இரண்டு எபிசோட்டாகச் சேர்த்து ஒரு மணித்தியாலமாகப் போடுகிறார்கள், அல்லது பாதியில் சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தினால் எங்களுக்குத்தான் போன் வரும். கதை முடியாமல் விட்டால் பார்த்த ஆட்களுக்கு உண்மையாகவே மனம் நோகிறது. அதை அலட்சியமாக எடுக்கிற சனல்களை எனக்குப் பிடிக்காது.

உரிமையும் ஒவ்வொரு காலத்தில் ஒவ்வொரு மாதிரி. 1990களின் கடைசியிலும் 2000களிலும் சென்னையில் தயாரிப்பாளரே சனலிடம் அரை மணி நேரத்தைக் காசு கொடுத்து வாங்குவது வழக்கமாக இருந்தது. நாடகத்தைத் தானே எடுத்து, அதற்குள் வரும் விளம்பர நேரத்தைத் தானே விற்பார். அப்படி எடுத்தவற்றின் உரிமை பெரும்பாலும் தயாரிப்பாளரிடமே நின்றது. ராடன் நிறுவனம் தன் பழைய நாடகங்களை இன்றைக்கு யூடியூபில் தானே போட முடிவதும் அதனால்தான். பிறகு சனலே முழுச் செலவையும் கொடுத்து எடுப்பிக்கும் முறை பரவியது. அவற்றின் உரிமை சனலிடம். அவற்றைத் திரும்பப் போட யாரிடமும் கேட்கத் தேவையில்லை. நடிகர்களுக்கு மறுஒளிபரப்பில் என்ன கிடைக்கும் என்று அடிக்கடி கேட்பார்கள். அமெரிக்காவில் நடிகர் சங்கம் போராடி வாங்கிய ஒப்பந்தத்தால் மறுஒளிபரப்புக்குப் பங்குத்தொகை உண்டு. எங்கள் சீரியல்களில் பொதுவாக நாள் சம்பளம்தான். அது அன்றோடு முடிந்தது. இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

எங்களைப் போன்ற சின்னச் சனல் வெளியிலிருந்து வாங்கும்போது ஒப்பந்தத்தில் முக்கியமாகப் பார்ப்பது எந்த நாட்டுக்கு, எந்த மொழிக்கு, எத்தனை வருசத்துக்கு, எத்தனை தடவை என்பவற்றை. அந்தத் ‘தடவை’யை நாங்கள் ரன் என்போம். ‘இரண்டு வருசம், மூன்று ரன்’ என்று எழுதியிருந்தால், அந்த இரண்டு வருசத்துக்குள் மூன்று முறைதான் போடலாம். ஆனால் பெரும்பாலும் ஒரு ரன் என்றால் இரவில் ஒரு தடவை, 24 மணித்தியாலத்துக்குள் இன்னொரு தடவை என்று சேர்த்தே எழுதுவார்கள். நேற்று இரவு பார்த்ததே இன்றைக்குக் காலையிலும் போகிறதல்லவா, அது அந்த இரண்டாவது தடவை. தனிக் காசு இல்லை. காலம் முடிவதற்குச் சில மாதம் இருக்கும்போது ஒரு நாடகம் திடீரென்று மத்தியானத்தில் தினமும் ஓடத் தொடங்கினால், காசு கொடுத்து வாங்கிய ரன்கள் வீணாகமுன் தீர்க்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

2020 மார்ச்சில் இவ்வளவும் ஒன்றாகத் தெரிந்தது. கொரோனாவால் தமிழ்நாட்டில் படப்பிடிப்பு நின்றது. நாளாந்தச் சீரியல்கள் ஒரு சில கிழமைக்கு மேல் கையிருப்பு வைத்து ஓடுவதில்லை. எடுத்து, வெட்டி, உடனே போடுவதுதான் வழக்கம். கையிருப்பு தீர்ந்ததும் இரவு நேரமே காலியானது. அப்போது உரிமை தெளிவாக இருந்த பழையவைதான் கைகொடுத்தன. சன் டிவி ‘மெட்டி ஒலி’யைத் திரும்பப் போட்டது. டெல்லியில் தூர்தர்ஷன் 1987இல் தொடங்கிய ‘ராமாயண்’ தொடரை மார்ச் 28ஆம் திகதி மீண்டும் தொடங்கியது. ஏப்ரல் 16 அன்று ஒரே நாளில் 7.7 கோடிப் பேர் பார்த்ததாகத் தூர்தர்ஷன் அறிவித்தது. உலகச் சாதனை என்றும் சொன்னார்கள், அதைச் சிலர் மறுத்தார்கள். யாழ்ப்பாணத்தில் அப்போது கிழமைக்கணக்காகத் தொடர் ஊரடங்கு. என் அம்மம்மாவுக்கு ‘மெட்டி ஒலி’யின் முடிவு வரைக்கும் தெரியும், ஆனாலும் அரை மணித்தியாலத்துக்கு முந்தியே கதிரையைப் போட்டு இருந்துவிடுவார். கதை தெரிந்ததால் அவருக்கு அதில் பயம் இருக்கவில்லை. செய்திகள் எல்லாம் பயமாக இருந்த நாட்கள் அவை.

மறுஒளிபரப்பில் நீங்கள் பார்ப்பது அன்றைக்குப் போனதேதானா என்று கேட்டால், பல வேளை இல்லை. முகங்கள் அகலமாக, ஆட்கள் குட்டையாகத் தெரிந்தால் பழைய 4:3 படத்தை இன்றைய 16:9 திரைக்கு இழுத்திருக்கிறார்கள். தலைமுடி திரைக்கு மேலே வெட்டுப்பட்டால் மேலும் கீழும் அறுத்திருக்கிறார்கள். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விட்டு அப்படியே போடுவதுதான் சரியான முறை. பிலிமில் எடுத்த அமெரிக்கத் தொடர்களைத் திரும்ப ஸ்கேன் செய்து கூர்மையாக்கலாம். 2000களின் தமிழ்ச் சீரியல்கள் வீடியோ டேப்பில் எடுத்தவை, அதில் பதிந்த அளவுதான் மிச்சம். விளம்பரத்துக்கு இடம் கேட்டால் முதலில் அறுபடுவது தலைப்புப் பாட்டு. பாட்டு உரிமை இன்னொரு தொல்லை. 1978இல் தொடங்கிய அமெரிக்கத் தொடர் ‘டபிள்யூகேஆர்பி இன் சின்சினாட்டி’யில் நிஜமான ரொக் பாட்டுகள் வரும். அந்தப் பாட்டுகளின் அனுமதிக் காலம் முடிந்த பிறகு, மறுஒளிபரப்பில் பலவற்றை எடுத்துவிட்டு வேறு இசையைப் போட்டார்கள். முதலில் பார்த்த ஆட்களுக்கு அது வேறு நாடகம் மாதிரி இருந்தது.

சிலது திரும்பி வரவே வராது, ஏனென்றால் பிரதியே இல்லை. டேப் விலையாக இருந்த காலத்தில் பழையதை அழித்து அதன்மேலேயே புதியதைப் பதிந்தார்கள். பிபிசியே ‘டொக்டர் ஹூ’வின் 1960களின் எபிசோட்டுகள் பலவற்றை அப்படி இழந்தது. 2013இல் அவற்றில் ஒன்பது திரும்பக் கிடைத்ததாக அறிவித்தார்கள். கிடைத்த இடம் நைஜீரியாவில் ஒரு டிவி நிலையம். வெளிநாட்டுச் சனல்களில் போடுவதற்கென்று பிலிமில் எடுத்து அனுப்பிய பிரதிகள் அங்கே அலுமாரியில் கிடந்திருக்கின்றன.