பழசோடு சேர்ந்த புது பேட்டரி ஏன் சீக்கிரம் போகிறது? சோலார் வீட்டுக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

சிவகங்கையிலிருந்து ஓர் ஆசிரியர்: அண்ணா, எங்கள் வீட்டில் 24 வோல்ட் சோலார். 2019-ல் 150 ஏஎச் ட்யூபுலர் பேட்டரி இரண்டு போட்டோம். 2022-ல் ஒன்று போய்விட்டது. அதே கம்பெனி, அதே 150 ஏஎச், புதிதாக ஒன்று மட்டும் வாங்கிச் சேர்த்தேன். பதினாலு மாதத்தில் அந்தப் புதுசு படுத்துவிட்டது, பழசு இன்னும் ஓடுகிறது. டூப்ளிகேட்டைக் கொடுத்து ஏமாற்றிவிட்டார்களா?

டூப்ளிகேட்டாக இருக்க வாய்ப்பு குறைவு, சார். புதுசைக் கெடுத்தது பக்கத்தில் இருந்த பழசுதான்.

உங்கள் இரண்டு பேட்டரியும் சீரியலில் இருக்கின்றன. ஒன்றில் போகிற அதே ஆம்ப்தான் மற்றதிலும் போகும். ஆனால் சார்ஜ் கன்ட்ரோலருக்குத் தெரிவது இரண்டும் சேர்ந்த மொத்த வோல்ட் மட்டும். 28.8 வந்ததும் ஆளுக்கு 14.4 கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு ஆம்பைக் குறைக்க ஆரம்பிக்கும். யாருக்கு எவ்வளவு என்று அது பார்ப்பதே இல்லை.

இதே மாதிரி ஒரு வீட்டில் காலை பதினொரு மணிக்கு மீட்டர் வைத்துப் பார்த்தேன். மொத்தம் 28.6. பழசில் 15.3, புதுசில் 13.3. பழசின் பிளேட்டில் சல்ஃபேட் படிந்திருந்ததால் சார்ஜை வாங்க முடியாமல் வோல்ட் மட்டும் ஏறி, உள்ளே ஆசிட் கொதித்துக்கொண்டிருந்தது. மூடியில் காதை வைத்தால் சோடா பாட்டில் மாதிரி சத்தம். புதுசு அமைதியாகக் கிடந்தது. அதற்கு இன்னும் சார்ஜ் வேண்டும், ஆனால் கன்ட்ரோலர் கையை மடக்கிவிட்டது. ராத்திரி 60 ஏஎச் எடுத்தால் மறுநாள் 60-ஐத் திருப்பிப் போட்டால் போதாது, பத்து சதவீதமாவது கூடப் போக வேண்டும். அந்தக் கடைசிப் பங்குதான் மெதுவாக, நல்ல வோல்ட்டில் ஏறுகிற பங்கு. அது புதுசுக்குக் கிடைக்கவே இல்லை. நாலு மணிக்கு மேல் வெயிலும் இறங்கிவிடும். தினமும் அரைகுறையாக நிற்கிற பேட்டரியில் சல்ஃபேட் இறுகிப்போகும். பதினாலு மாதம் அதற்குத் தாராளம்.

கடைக்காரர் அதைத் தனியாக ஒரு நாள் முழுக்கச் சார்ஜ் போட்டு, "நல்லாத்தானே இருக்கு" என்று திருப்பிக் கொடுத்திருப்பாரே? தனியாகப் போட்டால் ஓரளவு எழுந்து நிற்கும். வாரன்டி மறுக்கப்படுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

திருநெல்வேலியிலிருந்து ஒரு எலெக்ட்ரீசியன்: அப்படியானால் கணக்கு சுலபம்தானே அண்ணாச்சி? சார்ஜ் ஏறும்போது எதில் வோல்ட் அதிகமோ அதுதான் கெட்ட பேட்டரி. நான் இப்படித்தான் பிரிக்கிறேன்.

பாதி சரி, தம்பி. சல்ஃபேட் பிடித்த பேட்டரியில் அப்படித்தான் வரும். ஆனால் ஒரு செல் ஷார்ட் ஆகியிருந்தால் நேர் எதிராக வரும். மொத்தம் 28.4 காட்டும்போது ஒன்றில் 12.3, இன்னொன்றில் 16.1 இருந்ததைப் பார்த்திருக்கிறேன். கெட்டது 12.3 காட்டியதுதான். ஒரு செல் போனதால் ஐந்து செல்லோடு நிற்கிறது. அதன் பங்கையும் சேர்த்து நல்ல பேட்டரி தலையில் கட்டிவிட்டது கன்ட்ரோலர். நல்லதுதான் சூடாகி, நாற்றம் அடித்து, தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. உங்கள் கணக்குப்படி நல்லதைக் கழற்றி எடைக்குப் போட்டிருப்பீர்கள்.

அதனால் லோடு கொடுத்தும் பார்க்க வேண்டும். நான் சொன்ன சிவகங்கை மாதிரி வீட்டில் ராத்திரி 20 ஆம்ப் ஓடும்போது புதுசு 12.1, பழசு 10.3. மொத்தம் 22.4. இன்வெர்ட்டர் 21-ல்தான் கட் ஆகும், அதனால் அதற்கு ஒரு குறையும் தெரியாது. பழசு மட்டும் 10.5-க்குக் கீழே இழுபட்டுக்கொண்டிருந்தது. எந்தக் கோளாறாக இருந்தாலும் லோடில் முதலில் குழி விழுவது கெட்ட பேட்டரிதான். சந்தேகம் இருந்தால் ஆசிட் அடர்த்தி காட்டுகிற ஹைட்ரோமீட்டரை ஆறு செல்லிலும் விட்டுப் பாருங்கள். ஐந்து செல் 1.240 பக்கம் நின்று ஒன்று மட்டும் 1.150 காட்டினால் அப்புறம் பேச்சே இல்லை.

ஓசூரிலிருந்து ஒரு இல்லத்தரசி: மெக்கானிக் வந்து மீட்டர் வைத்து "24.8 இருக்கும்மா, பேட்டரி நல்லா இருக்கு"ன்னு சொல்லிட்டுப் போயிட்டார். ஆனா ஒரு மணி நேரத்துல இருட்டாயிடுது. எங்கிட்ட மல்டிமீட்டர் மட்டும்தான் இருக்கு. நானே பார்க்க முடியுமா?

தாராளமாகப் பார்க்கலாம், அம்மா. 24.8 என்பது 12.4-ம் 12.4-மாகவும் இருக்கலாம், 12.7-ம் 12.1-மாகவும் இருக்கலாம். அவர் இரண்டு பேட்டரியும் சேர்ந்த மொத்தத்துக்கு மீட்டரை வைத்ததால் அது தெரியவில்லை. நீங்கள் ஒவ்வொரு பேட்டரியின் பிளஸ், மைனஸிலும் தனித்தனியாக வையுங்கள்.

மூன்று நேரம் பார்த்தால் போதும். மதியம் பேனல் நன்றாக ஏற்றும்போது ஒரு தடவை, ராத்திரி ஃபேன், லைட் ஓடும்போது ஒரு தடவை, அப்புறம் எல்லாவற்றையும் நிறுத்தி மூன்று நான்கு மணி நேரம் சும்மா விட்டு ஒரு தடவை. சார்ஜ் நின்ற உடனே பார்த்தால் பொய்யாக அதிகம் காட்டும், அதனால்தான் அந்த இடைவெளி. ஆறையும் ஒரு தாளில் எழுதி பேட்டரி மேலேயே ஒட்டிவிடுங்கள். மதியமோ ராத்திரியோ இரண்டுக்கும் நடுவில் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஜோடி பிரிந்துவிட்டது. தொடும் முன் வளையலைக் கழற்றுங்கள், பக்கத்தில் விளக்கு ஏற்றாதீர்கள். கொதிக்கிற பேட்டரியிலிருந்து வருவது தீப்பிடிக்கிற வாயு.

கிளிநொச்சியிலிருந்து: அண்ணை, எங்கட வீட்டில 12 வோல்ட்தான். 100 ஏஎச் பற்றரி ஒண்டு ரெண்டு வருசமா ஓடுது. இன்னொரு 100 ஏஎச் புதுசா வாங்கி பரலலாப் போடலாமோ? உங்கட சீரியல் பிரச்சினை எங்களுக்கு வராதுதானே?

அதே பிரச்சினை வராது. பரலலில் இரண்டுக்கும் ஒரே வோல்ட் என்பதால் ஒன்று 15-க்கு ஏறி மற்றது 13-ல் நிற்காது. ஆனால் வேறு இரண்டு விஷயம் இருக்கிறது. பழசின் உள்தடை அதிகம், அதனால் ராத்திரி லோடில் பெரும்பங்கைப் புதுசே சுமக்கும். 200 ஏஎச் என்று கணக்குப் போட்டு வாங்கினால் 200 கிடைக்காது. இன்னொன்று, பழசுக்குத் தானாக வடிகிற குணம் அதிகம். லோடே இல்லாத நேரத்திலும் புதுசிலிருந்து அதற்கு ஆம்ப் போய்க்கொண்டே இருக்கும். பழசில் ஒரு செல் ஷார்ட் ஆனால் புதுசு மொத்தமாக அதற்குள் கொட்டிவிடும், வயர் உருகும் அளவுக்கு. ஆகவே போடுவதென்றால் ஒவ்வொரு பேட்டரிக்கும் தனி ஃபியூஸ் கட்டாயம். பிளஸ்ஸை ஒரு பேட்டரியிலிருந்தும் மைனஸை மற்றதிலிருந்தும் எடுங்கள், அப்போதுதான் வயர் நீளம் இரண்டுக்கும் சமமாகும். இரண்டையும் நிரப்பும் அளவுக்கு பேனலும் கன்ட்ரோலரும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பேட்டரியைக் கூட்டிவிட்டு பேனலைக் கூட்டாவிட்டால் இரண்டுமே அரைவயிறுதான்.

என்னைக் கேட்டால், பழசை லோடில் வைத்துப் பார்த்து, பாதி கொள்ளளவு கூட இல்லையென்றால் அதை விட்டுவிட்டுப் புதுசை மட்டும் போடுங்கள் என்பேன்.

மேலூரிலிருந்து: சேர்ப்பது பற்றிப் பேசுவதால் கேட்கிறேன். பழைய பேட்டரியில் புது ஆசிட் சேர்த்தால் புதுசுக்குச் சமமாகிவிடுமா?

நான் சொன்னது பேட்டரியோடு பேட்டரி சேர்ப்பதை, ஐயா. ஆசிட்டைச் சேர்க்காதீர்கள். அடர்த்தி குறைந்ததற்குக் காரணம் ஆசிட் ஓடிப்போனது அல்ல, அது சல்ஃபேட்டாகப் பிளேட்டில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மேலே ஆசிட் ஊற்றினால் ஹைட்ரோமீட்டர் நல்ல எண் காட்டும், பிளேட் அரித்துப்போகும். டிஸ்டில்ட் வாட்டர் மட்டும்தான்.

பொள்ளாச்சியிலிருந்து ஒரு விவசாயி: நான் ஒரே நாளில் ஒரே கடையில் இரண்டு பேட்டரி வாங்கினேன். ஒன்றரை வருடத்தில் ஒன்று போய்விட்டது. ஜோடியாக வாங்கியும் ஏன்? தோட்டத்து ஷெட்டில் இருக்கிறது. 12 வோல்ட் லைட்டும் ஸ்ப்ரேயர் சார்ஜரும் கூட அதில்தான்.

கடைசி வரியில் விடை இருக்கிறது, அண்ணா. 24 வோல்ட் செட்டில் 12 வோல்ட் லைட்டை எங்கே மாட்டினீர்கள்? ஒரே ஒரு பேட்டரியில் கிளிப் போட்டிருப்பீர்கள். தினமும் அதிலிருந்து மட்டும் 10 ஏஎச் கூடப் போகிறது, சார்ஜ் ஏறும்போது இரண்டுக்கும் ஒரே அளவுதான் ஏறுகிறது. ஒரு வாரத்தில் 70 ஏஎச் பின்தங்கிவிடும். நீங்களே ஜோடியைப் பிரித்துவிட்டீர்கள். 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் ஒன்று வாங்கி, இரண்டு பேட்டரிக்கும் பொதுவாக மாட்டுங்கள். ஷெட்டில் ஒரு பேட்டரி மட்டும் மேற்கு வெயில் சுவரை ஒட்டி இருந்தால் அதையும் நகர்த்துங்கள். சூடாக இருப்பது சீக்கிரம் கிழடாகும்.

காரைக்குடியிலிருந்து: நீங்கள் பயமுறுத்துகிறீர்கள். எங்கள் வீட்டில் மூன்று வருட வயது வித்தியாசத்தில் இரண்டு பேட்டரி ஐந்து வருடமாக ஓடுகிறது. ஒரு பிரச்சினையும் இல்லை. எத்தனை மாத வித்தியாசம் வரை பரவாயில்லை என்று ஒரு கணக்குச் சொல்லுங்கள்.

ஓடுவதை நான் மறுக்கவில்லை. உங்களுக்குக் கரண்ட் எப்போதாவதுதான் போகிறது, பேட்டரி இருபது சதவீதம்கூட இறங்குவதில்லை, மீதி நேரம் ஈபி சார்ஜில் நிரம்பியே நிற்கிறது என்றால் வித்தியாசம் வெளியே தெரியாமலே போகலாம். தினமும் பாதிக்கு மேல் இறக்கி, வெயிலை மட்டும் நம்புகிற வீட்டில் அப்படி நடக்காது. மாதக் கணக்கில் என் கூட இருக்கிறவர்களே ஒத்துப்போவதில்லை. ஆறு மாதம் என்பார் ஒருவர், ஒரு வருடம் என்பார் இன்னொருவர். நான் மாதத்தைப் பார்ப்பதில்லை, லோடில் இரண்டும் எவ்வளவு சேர்ந்து இறங்குகின்றன என்றுதான் பார்க்கிறேன். உங்களுடையதை ஒரு ராத்திரி மூன்று மணி நேரம் ஓடவிட்டு இரண்டு எண்ணையும் எழுதுங்களேன், எனக்கே தெரிந்துகொள்ள ஆசை.

மறுபடி சிவகங்கை ஆசிரியர்: சரி அண்ணா, இனி என்ன செய்வது? இரண்டையும் தூக்கிப் போட மனசு வரவில்லை. பேலன்சர் என்று ஒன்று இருக்கிறதாமே?

பேலன்சர் நல்ல பொருள்தான். இரண்டுக்கும் நடுவே சில ஆம்ப் மாற்றிவிட்டு வோல்ட்டைச் சமப்படுத்தும். நல்ல ஜோடி பிரியாமல் காக்க உதவும். போன கொள்ளளவை அது கொண்டுவராது.

முதலில் புதுசைக் கழற்றி 12 வோல்ட் சார்ஜரில் தனியாக, ஆறு செல்லிலும் அடர்த்தி ஏறுவது நிற்கும் வரை போடுங்கள். ஒரு நாளுக்கு மேலேயே ஆகலாம், நடுவில் தண்ணீர் மட்டமும் சூடும் பார்க்க வேண்டும். பிறகு தெரிந்த ஒரு லோடை மாட்டி நேரம் எண்ணுங்கள். 10 ஆம்ப் எடுத்து 10.8 வோல்ட் வர ஒன்பது மணி நேரம் ஆனால் 90 ஏஎச் இருக்கிறது. அவ்வளவு வந்தால் சின்ன பேனல், 12 வோல்ட் கன்ட்ரோலர் ஒன்று போட்டு மாடி லைட்டுக்கும் மோடத்துக்கும் தனியாக வையுங்கள். தனியாக இருக்கும்வரை அது பாட்டுக்கு ஓடும். பழசைக் கடையில் எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடுங்கள்.

24 வோல்ட்டுக்கு இரண்டையும் ஒன்றாக வாங்குங்கள். தயாரித்த மாதம் இரண்டிலும் ஒன்றாக இருக்கட்டும். கடையிலேயே மீட்டர் வைத்துப் பாருங்கள். ஒன்று 12.6, ஒன்று 12.3 என்றால் ஒன்று ரொம்ப நாள் சும்மா கிடந்திருக்கிறது, வேறு கேளுங்கள். வீட்டுக்கு வந்ததும் இணைக்கும் முன் ஒவ்வொன்றையும் தனித்தனியாக முழுக்கச் சார்ஜ் செய்து, இரண்டும் ஒரே மட்டத்தில் இருந்து தொடங்கட்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இடம் மாற்றி, பிளஸ் பக்கம் இருந்ததை மைனஸ் பக்கம் வைப்பவர்களும் உண்டு. நான் செய்வதில்லை. வயரைக் கழற்றும்போது டெர்மினலைத் துடைத்து வாசலின் தடவுவதற்கு அது ஒரு சாக்காக இருந்தால் செய்யுங்கள்.